ஓட்டையில்லாத தொட்டி

ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு திருவொற்றியூரில் இரண்டு மாடி வீடு கட்டினேன். கொத்தனாருக்குப் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு கம்பியையும் நானே வளைத்துக் கொடுத்தேன். ஒரு வெல்டிங் மிஷினோடு ஓலைக் கொட்டகையில் தொடங்கிய பட்டறை இன்று பதினோரு பேருக்குச் சோறு போடுகிறது. எங்கள் தெரு முனையில் மாதா சிலை வைத்த கெபிக்கு கிரில் கேட் அடித்தது நான். கடல் காற்று பட்டும் இன்னும் துரு ஏறவில்லை, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். காசிமேட்டுப் படகுகளில் இருக்கும் ஐஸ் பெட்டிகளில் பாதிக்கு மேல் என் கை பட்டவை. மகனைக் கப்பல் வேலைக்குப் படிக்க வைத்தேன். படித்த மருமகளைக் கொண்டுவந்தேன். இவ்வளவுக்கும் எனக்கு யாரும் கைகொடுக்கவில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி, எனக்குப் பதினைந்து வயதாகும்போது போய்விட்டார்.

இதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதப்போவதை ஊருக்குச் சொன்னதில்லை. இந்தப் பட்டியலில் ஏர் கூலர் ஒன்றும் உண்டு. அதையும் நான்தான் செய்தேன்.

வீட்டில் மேல்மாடியில் ஏசி இருக்கிறது, மகன் கல்யாணத்துக்கு வாங்கிப் போட்டது. கீழே எங்கள் அறையில் வேண்டாம் என்று என் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள், ஏசிக் காற்று பட்டால் அவளுக்கு மூட்டு பிடித்துக்கொள்ளும். வெறும் மின்விசிறியோ சித்திரை வெயிலில் சூட்டைத்தான் வாரி இறைக்கும். கடையில் பிளாஸ்டிக் கூலர்களைப் பார்த்தேன். ஒரு உதை தாங்காது போலிருந்தது. "இத்தப் போயி துட்டு குடுத்து வாங்குவாங்களா" என்று சொல்லிவிட்டு, பட்டறைக்கு வந்து துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை வெட்டினேன். முன்பக்கம் ஃபேன், மற்ற மூன்று பக்கமும் கம்பி வலைக்குள் மரச்சீவல் அடைத்த தட்டிகள், அடியில் தண்ணீர்த் தொட்டி, தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றித் தட்டிகளில் சொட்டவிடச் சின்ன பம்ப். ஈரத் தட்டி வழியாக உள்ளே வரும் காற்று குளிர்ந்துபோய் ஃபேன் வழியாக வெளியே வரும். வேலை அவ்வளவுதான். ஆனால் அந்தத் தொட்டி இருக்கிறதே, அதில் ஒரு மூலைகூட ஒழுகாது. ஈயம் வைத்து அப்படி இழைத்திருந்தேன்.

அதற்கு நான் ஓட்டை வைக்கவில்லை. கடைக் கூலர்களில் அடியில் ஒரு ஓட்டை போட்டு ரப்பர் மூடி வைத்திருப்பார்கள், அழுக்குத் தண்ணீரை இறக்க. எனக்கு அது கையாலாகாத்தனமாகப் பட்டது. ஓட்டை என்று இருந்தால் என்றைக்காவது ஒழுகும் என்பது என் எண்ணம். அதோடு, தண்ணீரைக் கீழே கொட்டுவது என்பதே எனக்கு ஆகாது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரி வரும்வரை வெயிலில் நின்று வளர்ந்தவன் நான். போர்வெல் உப்புத் தண்ணீராக இருந்தாலும் என் வீட்டில் அது சாக்கடைக்குப் போகக் கூடாது. கூலருக்கு நான் வைத்த சட்டம் ஒன்றுதான். குறைந்தால் மேலே ஊற்று, கீழே கொட்டாதே.

மகன் கப்பலில் இருக்கும் மாதங்களில் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மருமகள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்மாடி ஏசியின் முன்மூடியைத் தூக்கி, உள்ளே இருக்கும் இரண்டு வலை ஃபில்டரையும் உருவிக்கொண்டு மொட்டைமாடிக் குழாய்க்குப் போவாள். தூசி படிந்த பக்கத்தைக் கீழே பார்க்க வைத்து, பின்பக்கமிருந்து தண்ணீர் விடுவாள். தூசி வந்த வழியே திரும்பிப் போக வேண்டுமாம், இல்லாவிட்டால் வலைக்குள் அடைத்துக்கொள்ளுமாம். வெயிலில் வைக்க மாட்டாள், வளைந்துவிடும் என்று நிழலில் சாத்தி வைப்பாள். அந்தத் தண்ணீர் ஓடும் நிறத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கரித்தூசி அது. கொடியில் காயும் வெள்ளைச் சட்டையிலும் ஜன்னல் விளிம்பிலும் தினம் உட்காருவது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா, கூலர் தொட்டிய எப்ப கழுவுனீங்க? அடியில ஒரு ஓட்டை போட்டுக் குடுங்க, வாராவாரம் நானே தொறந்து உட்டுக் கழுவிடறேன்."

"அது ஓடுற தண்ணிம்மா. ஓடுற தண்ணிக்கு இன்னா அழுக்கு?"

"ஓடலை மாமா. அதே தண்ணி சுத்திச் சுத்தி வருது."

நான் சிரித்தேன். என் தொட்டிக்கு ஓட்டை போடச் சொன்ன முதல் ஆள் நீதான் என்றேன். அவள் ஃபில்டரோடு மாடிக்குப் போய்விட்டாள். வீட்டில் என்னை எதிர்த்து இரண்டாம் தடவை பேசும் வழக்கம் யாருக்கும் கிடையாது. அதையும் நான்தான் அப்படி வைத்திருந்தேன்.

சித்திரை பாதியில் அறைக்குள் ஒரு நாற்றம் வந்தது. முதலில் ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி, பிறகு சேற்று மீன் மாதிரி. எனக்கு ஒரு நொடியும் சந்தேகம் வரவில்லை. சுற்றிலும் ரசாயனக் கம்பெனிகள் இருக்கும் எங்கள் பக்கத்தில் மூக்கில் எது ஏறினாலும் அது கம்பெனி நாற்றம்தான். இங்கே பிறந்தவர்களுக்கு அது மனப்பாடம். காற்று மேற்கிலிருந்து வந்தால் இன்ன நாற்றம், வடக்கிலிருந்து வந்தால் இன்ன நாற்றம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். ராத்திரி கேஸ் விட்டுட்டான் என்று காலையில் டீக்கடையில் பேசிக்கொள்வோம். பொய்யில்லை, எத்தனையோ நாள் கண் எரிந்து கிடந்திருக்கிறோம். அதனால் நாற்றம் வந்ததும் நான் செய்தது ஜன்னலைச் சாத்தியது. அறையின் இரண்டு ஜன்னலையும் இறுக்கிச் சாத்தி, இடுக்கில் பழைய வேட்டியைக் கிழித்துச் சொருகினேன். அதைக்கூடப் பெருமையாகத்தான் செய்தேன்.

கூலருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வெளிக்காற்று வந்து ஈரக்காற்று வெளியே போகாவிட்டால் அறை முழுக்க ஈரம் தங்கிவிடும். கூலரைச் செய்த எனக்கு இது தெரியாதா? தெரியும். கம்பெனி நாற்றத்துக்கு முன்னால் அது மறந்துபோனது.

இரண்டு நாளில் நாற்றம் அதிகமாயிற்று. வீட்டுக்காரி ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தவள், மெதுவாகச் சொன்னாள்.

"கூலர் போட்டாதான்யா நாறுது. ஆஃப் பண்ணா அவ்ளோ இல்ல."

"உனுக்கு மூக்குல கோளாறு. கூலர் வெளிக்காத்த இஸ்து உடுது, அதான் அதிகமா தெரிது. கம்பெனிக்காரன் பண்றதுக்கு என் கூலர் இன்னா பண்ணும்?"

"நான் சொன்னா கேக்கவா போற" என்று சொல்லிவிட்டு மணியை உருட்டத் தொடங்கினாள்.

அந்த வாரம்தான் எங்கள் தெரு சங்கத்துக் கூட்டம். சங்கத்தின் செயலாளர் என் பழைய தோஸ்து, இருவரும் ஒரே தெருவில் கோலி விளையாடியவர்கள். கரித்தூசியைப் பற்றி மனு எழுதுவதற்காகக் கூடினார்கள். அன்றைக்குக் காலையில் மருமகள் கழுவ எடுத்து வைத்திருந்த ஏசி ஃபில்டர் இரண்டையும் நான் பிடுங்கிக்கொண்டேன். கழுவாதே, இது சாட்சி என்றேன். ஃபில்டர் இல்லாமல் ஏசி போட்டால் தூசி உள்ளே குளிர்விக்கும் காயிலில் போய் அப்பிக்கொள்ளும், திருப்பிக் கொடுக்கும்வரை ஏசியே போட முடியாது என்று அவள் சொன்னாள். நாலு நாள் ஃபேனில் படுத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனேன். கூட்டத்தில் நின்று ஃபில்டரைத் தட்டினேன். வெள்ளைத் துண்டின் மேல் கறுப்பாகக் கொட்டியது. எல்லோரும் எழுந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். "இத்ததான் நாம சுவாசிக்கிறோம்" என்றேன். கைதட்டினார்கள். அந்தத் தூசி உண்மை. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவன், வீட்டு நாற்றத்துக்கும் அதே கம்பெனியைக் கைகாட்டினேன். அதுதான் தப்பு.

மறுநாள் மத்தியானம். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். நாற்றம் தாங்காமல் வீட்டுக்காரி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கிடந்தாள். தரை துடைக்கும் பினாயில் பாட்டில் கண்ணில் பட்டது. நாற்றம் என்றால் பினாயில், அதுதான் நான் படித்த படிப்பு. பட்டறையில் கக்கூஸ் நாறினால் பினாயில், சாக்கடை நாறினால் பினாயில். ஒரு மூடி எடுத்துக் கூலர் தொட்டியில் ஊற்றினேன். போதாது என்று இன்னொரு மூடி. தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. பம்பைப் போட்டேன், ஃபேனைப் போட்டேன், கதவைச் சாத்திக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

கூலரில் ஊற்றுவது தரையில் ஊற்றுவது மாதிரி இல்லை. தொட்டியில் எது இருக்கிறதோ அதை அது தட்டியில் ஏற்றி, காற்றில் கலந்து, நேராகக் கட்டிலில் கிடப்பவர் முகத்தில் ஊதும். அதற்குத்தானே அதைச் செய்தேன்.

திரும்பி வந்தபோது அவள் கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். மூச்சு விசில் அடித்தது. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. பேச வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. கையால் கூலரைக் காட்டினாள். கூலரை நிறுத்து என்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நிறுத்தினேன். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பக்கத்து கிளினிக்குக்கு ஓடினேன்.

மருந்து ஆவியாக வரும் மாஸ்க்கை அவள் மூக்கில் மாட்டிவிட்டு டாக்டரம்மா என்னிடம் திரும்பினார். முன்னாலேயே வீசிங் உண்டா, வீட்டில் பெயிண்ட் அடித்தீர்களா, கொசுவர்த்தியா, சாம்பிராணியா, மருந்து ஏதாவது தெளித்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கம்பெனி கேஸ் மேடம்" என்றேன். "எங்க ஏரியாவுல ஒரு வாரமா உட்டுகினு கீறான்."

மாஸ்க்குக்கு மேலே வீட்டுக்காரியின் கண் மட்டும் தெரிந்தது. அது என்னைப் பார்த்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கண்ணை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறேன், கோபத்தில், பசியில், பிரசவ வலியில். அன்றைக்குப் பார்த்தது மாதிரி பார்த்ததில்லை. டாக்டரம்மா கம்பெனி கேஸ் என்று எழுதிக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன். பினாயில் என்ற ஒரு சொல் என் வாயில் இருந்தது. வெளியே வரவில்லை. பயம் இல்லை அது. என் கூலர் என்கிற திமிர்.

சாயங்காலம் மூச்சு தணிந்து வீட்டுக்கு வந்தோம். மருமகள் வந்து, அத்தையை மேலே தன் அறையில் படுக்க வைத்துவிட்டு, கீழே வந்து ஜன்னல் துணிகளை உருவினாள். கூலரின் பிளக்கைப் பிடுங்கினாள். பின்பக்கத் தட்டியைக் கழற்றியதும் அப்படியே பின்னால் நகர்ந்து நின்றாள்.

"மாமா, கொஞ்சம் இங்க வாங்க."

போய்ப் பார்த்தேன். மரச்சீவல் வெள்ளை உப்பு ஏறிப் பொருக்கு மாதிரி கெட்டிப்பட்டுக் கிடந்தது. தண்ணீர் ஆவியாகப் போகப்போக உப்பு மட்டும் தங்கித் தங்கிச் சேர்ந்திருக்கிறது. நான் மேலே ஊற்ற ஊற்ற அதுவும் ஏறியிருக்கிறது. உப்பு ஏறாத இடத்தில் கறுப்புப் பூஞ்சை. தொட்டிக்குள் கையை விட்டால் சுவர் முழுக்க வழுவழுவென்று பச்சைப் பாசிக் கோழை. அடியில் கரித்தூசிச் சேறு, அதில் ஒரு பல்லி செத்து ஊறிக் கிடந்தது. அதற்கு மேலே பினாயில் வாடை.

"பினாயில் யாரு ஊத்துனது?" என்று கேட்டாள்.

பாட்டில் இருந்த மூலையைப் பார்த்தேன்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிளினிக்குக்கு ஃபோன் போட்டு, நிதானமாகச் சொன்னாள், பினாயில், பூஞ்சை, மூடின ஜன்னல், எல்லாவற்றையும். யார் ஊற்றியது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "தெரியாம ஊத்திட்டோம் மேடம்" என்றாள். ஊத்திட்டோம். அந்த 'ட்டோம்' என் காதில் இன்னும் இருக்கிறது. அதில் அவளுக்கு என்ன பங்கு?

மறுநாள் காலையில் தொட்டியைப் பிளாஸ்டிக் மக்கால் மொண்டு மொண்டு காலி செய்தோம். ஓட்டை இல்லாததால் கடைசிச் சேற்றைத் துணியால் ஒற்றிப் பிழிய வேண்டியிருந்தது. அதை நான் செய்தேன், அவளை விடவில்லை. பிறகு கூலரைப் பட்டறைக்கு எடுத்துப் போய், தொட்டியின் தாழ்வான மூலையில் டிரில் வைத்தேன். ஆட்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "இன்னா நைனா, உன் தொட்டிக்கு நீயே ஓட்டை போட்டுகினு கீறே" என்று மூத்த ஃபிட்டர் கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். இரண்டு பக்கமும் வாஷர் வைத்து, நட்டை முறுக்கி, திருகு மூடி போட்டேன். நூறு இடத்தில் ஓட்டை போட்ட கை அது. ஆனாலும் தண்ணீர் ஊற்றி, ஒழுகுகிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

வீட்டில் மருமகள் சொல்லச் சொல்லக் கழுவினேன். முதலில் சோப்புத்தூளும் பிரஷ்ஷும், கோழை போகும்வரை. உப்புக்கு எலுமிச்சம்பழச் சாறு தேய்த்து ஊறவிட்டோம். அதை நன்றாக அலசி வெளியே விட்ட பிறகுதான் பிளீச்சிங் பவுடர் ஒரு ஸ்பூன், ஒரு வாளித் தண்ணீரில். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நெஞ்சைப் பிடிக்கும் புகை வரும் என்று இரண்டு தடவை சொன்னாள். இந்தத் தடவை நான் இரண்டாம் தடவைக்கும் காது கொடுத்தேன். வாடை போகும்வரை நாலைந்து முறை அலசினோம். பம்பின் சின்ன வலையில் இருந்த தூசி நூலைப் பல்குத்தும் குச்சியால் எடுத்தேன். பழைய தட்டிகளை எறிந்துவிட்டுப் புதுச் சீவல் அடைத்தோம். எல்லாவற்றையும் மொட்டைமாடியில் காயவைத்தோம்.

அழுக்குத் தண்ணீர் சாக்கடைக்குப் போவதைத் தடுக்காமல் நின்று பார்த்தேன். அதுவும் எனக்குப் புதிது.

ஏசி ஃபில்டர்களையும் சங்கத்திலிருந்து வாங்கிவந்து நானே கழுவினேன், பின்பக்கமிருந்து தண்ணீர் விட்டு. அவள் வாங்கி, நிழலில் சாத்தி வைத்தாள்.

இப்போது வாரம் ஒருநாள் மூடியைத் திருகித் தொட்டியை இறக்குகிறேன். அந்தத் தண்ணீர் உப்பு, செடிக்கு ஆகாது, வாசல் கழுவ ஆகும். கூலரை நிறுத்துவதற்கு முன்னால் பம்பை அணைத்து ஃபேனை மட்டும் கால் மணி நேரம் ஓடவிட்டுத் தட்டியைக் காய வைக்கிறேன். ஜன்னல் திறந்திருக்கிறது. ஒரு நாற்றமும் இல்லை. ஆனால் வீட்டுக்காரி அந்த அறைக்குத் திரும்பி வரவில்லை, மருமகள் அறையிலேயே, ஏசிக் காற்று படாத மூலையாகப் பார்த்துப் படுக்கிறாள். மூட்டு வலிக்குமே என்று கேட்டேன்.

"மூட்டு வலிச்சா வலிக்குது. மூச்சு வாங்கலயே" என்றாள். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தானோ என்னவோ, "நீ ஊத்துனதுக்குக் கோவம் இல்லய்யா. டாக்டராண்ட என் வாய் மூடி இருந்துச்சு. உன் வாய் தொறந்துதான கெடந்துச்சு?" என்றாள்.

 

போன வாரம் தோஸ்து மனுவை எடுத்துக்கொண்டு வந்தான், கையெழுத்து வாங்க. படிக்கத் தெரிந்த மட்டும் கூட்டிப் படித்தேன். கரித்தூசி, கண் எரிச்சல், ஏசி ஃபில்டர் படம். எல்லாம் சரி. நாலாவது பத்தியில், கம்பெனி வாயுவால் மூச்சுத்திணறி கிளினிக்கில் சேர்க்கப்பட்ட மூதாட்டி என்று என் வீட்டுக்காரி. டாக்டரம்மா முதலில் எழுதிய சீட்டு, கிளினிக்கிலிருந்து வந்த அன்றே அவன் படம் எடுத்துக்கொண்டது, அதுதான் ஆதாரமாம். அது நான் சொன்னது. நடந்ததை அவனிடம் சொன்னேன். கூலர், பினாயில், எல்லாம்.

"இன்னா நைனா, நீயே கம்பெனிக்கு வக்கீலா ஆயிட்டே? இத்த வெளிய சொன்னியா, மொத்த மனுவும் பூடும். ஒரு வார்த்த பேசாத, கையெழுத்த போடு."

"கரித்தூசிக்குப் போடறேன். அவளுக்கு மூச்சு வாங்குனதுக்குப் போட மாட்டேன்."

"உன் பேர் கெட்டுப்பூடும்யா. தெருவே உன்ன நம்பிகினு கீது."

அவன் சொன்னது எனக்குப் புரிகிறது. அவன் கெட்டவன் இல்லை. ஒரு பொய்யை எடுத்தால் அதோடு உண்மையும் விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறான். மனுவை வைத்துவிட்டுப் போயிருக்கிறான், யோசித்துச் சொல்லச் சொல்லி. யோசித்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதினேன். எழுத்துப் பிழைகளை மருமகள் திருத்தினாள், விஷயத்தில் கை வைக்க அவளை விடவில்லை. 'ஊற்றிவிட்டோம்' என்று அவள் மாற்றப் பார்த்த இடத்தில் 'ஊற்றினேன்' என்றே இருக்கட்டும் என்றேன்.

தோஸ்து, நீ இதைப் படிப்பாய். கரித்தூசி கம்பெனியுடையது. அதைப் பெரிய எழுத்தில் எழுது, நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன், ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு எந்த ஆபீசுக்கும் வருகிறேன். ஆனால் நாலாவது பத்தியை அடி. இல்லை, அடிக்க மனசில்லை என்றால் அதிலேயே எழுது. அந்தத் தொட்டியைச் செய்தவன், ஓட்டை வைக்க மறுத்தவன், ஜன்னலைச் சாத்தியவன், பினாயில் ஊற்றியவன், டாக்டரிடம் பொய் சொன்னவன், ஐந்தும் ஒரே ஆள் என்று எழுது. அதில் மருமகளுக்குப் பங்கு இல்லை, கம்பெனிக்கும் இல்லை. என் வேலைக்கு வேறு ஒருத்தன் பேரைப் போட நான் என்றைக்கும் விட்டதில்லை. இதற்கும் விட மாட்டேன். என் பேரைப் போடு.